"தொலைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்": மினிட்ஸ்ல ட்ரெஷரர் ஏன் கோவிச்சுக்கிட்டார்?

கேள்வி: வணக்கம் மேடம். நாற்பது வீடு இருக்கிற அபார்ட்மென்ட், அசோசியேஷனுக்கு செக்ரட்டரியா இப்பதான் வந்திருக்கேன். மினிட்ஸ் தமிழ்லதான் எழுதுவோம், பேங்க் கேட்டா மட்டும் இங்கிலீஷ்ல ஒரு காப்பி. ஜூலை 6 கூட்டத்துக்கு நான் எழுதினத வாட்ஸ்அப் குரூப்ல போட்டதும் ட்ரெஷரர் "என்னை திருடன்னு எழுதிட்டீங்களே"ன்னு ஒரே சண்டை. நான் நடந்தத மட்டும்தான் எழுதினேன், ஒரு வார்த்தை கூட சேர்க்கல. இன்னொருத்தர் "ஒரு வரி கூறுகிறார், ஒரு வரி கூறினார், ஒரு வரி கூறப்பட்டது, ஏதாவது ஒண்ணுல எழுதுங்க"ன்றார். அந்த பாரா இதுதான், எதுல எழுதணும்னு சொல்லுங்க:

"பொருளாளர் ஜூன் மாதம் ஜெனரேட்டர் டீசலுக்கு ரூ.18,400 செலவானதாகக் கூறுகிறார். பில் எங்கே என்று கேட்டதற்கு பில் தொலைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். பி-7 உரிமையாளர் அவர்கள் கணக்கில் குளறுபடி இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். நாளைக்குள் நகல் வாங்கப்படும் என்று கூறப்பட்டது. பி பிளாக் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று தெரிவிக்கப்பட்டது. விரைவில் சரிசெய்யப்படும்."

பதில்: வணக்கம் சார். ட்ரெஷரர் கோவப்பட்டதுல நியாயம் இருக்கு. நீங்க பொய் எதுவும் எழுதல, ஆனா இந்த பாராவ படிக்கிற மூணாவது மனுஷன் யாரா இருந்தாலும் ட்ரெஷரர் ஏதோ பண்ணிட்டார்னுதான் நினைப்பான், அது வாக்கியம் கட்டின விதத்துலயே இருக்கு.

ரெண்டு பேர் பேசினத எப்படி எழுதியிருக்கீங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ட்ரெஷரர் சொன்னது "செலவானதாகக் கூறுகிறார்". பி-7 சொன்னது "குளறுபடி இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள்". நம்ம பேச்சுலயே "அவன் பணம் கட்டிட்டதா சொல்றான்"னு சொன்னா, கட்டினானோ இல்லையோ, எனக்கு தெரியாதுப்பான்னு ஒரு விலகல் அதுல வந்துடும். ஆனா "இருப்பதைச் சுட்டிக்காட்டினார்"னு எழுதினா அது அங்க இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி, இல்லாத ஒண்ண யாரும் சுட்டிக்காட்ட முடியாது இல்லையா. ஆக ஒருத்தர் சொன்னது சந்தேகத்தோட, இன்னொருத்தர் சொன்னது உண்மையா பதிவாகியிருக்கு. நடுவுல "ஒப்புக்கொண்டார்" வேற. தப்ப தான் ஒப்புக்குவாங்க, பில் தொலைஞ்சுபோச்சுன்னு அவர் சாதாரணமா சொன்னத நீங்க வாக்குமூலமா மாத்திட்டீங்க. மேல பி-7க்கு "அவர்கள்", "கள்" எல்லாம் குடுத்துட்டு ட்ரெஷரருக்கு மொட்டையா "பொருளாளர்", "கூறுகிறார்". இது நாலும் சேர்ந்துதான் சண்டை.

"-தாக"ன்னு எழுதுறதே தப்புன்னு நான் சொல்லல, பேப்பர்காரங்க தினமும் எழுதுறாங்க, எல்லாருக்கும் அதே உருவத்துல எழுதினா யாருக்கும் வலிக்காது. ஒருத்தருக்கு மட்டும் எழுதினாதான் பிரச்சனை. நான் மினிட்ஸுக்கு "என்று" தான் சொல்லித் தருவேன், "செலவானது என்று தெரிவித்தார்", "கணக்கு சரியாக இல்லை என்று தெரிவித்தார்", ரெண்டு பேருக்கும் ஒரே அச்சு. நடந்து முடிஞ்சது, இப்ப இருக்கிறது எல்லாத்துக்கும் என்று. ஒருத்தர் தானே ஒரு வேலைய செய்றேன்னு ஏத்துக்கிட்டா மட்டும் "கொடுப்பதாகத் தெரிவித்தார்", "வரவழைப்பதாகக் கூறினார்"னு எழுதலாம், வருங்கால உருவத்துல அந்த சந்தேக வாடை அடிக்காது, வாக்கு குடுத்த மாதிரிதான் கேக்கும்.

வினைச்சொல்லையும் கம்மியா வச்சுக்கோங்க. தெரிவித்தார், கேட்டார், பதிலளித்தார், கேட்டுக்கொண்டார், ஆட்சேபம் தெரிவித்தார், அவ்வளவு போதும். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருதே, படிக்க சலிப்பா இருக்குமேன்னு நிறைய பேர் வலியுறுத்தினார், சாடினார், விளக்கினார், மழுப்பினார்னு மாத்தி மாத்தி போடுவாங்க, பள்ளிக்கூடத்துல கட்டுரைக்கு அப்படித்தான் மார்க் குடுத்தாங்க, ஆனா மினிட்ஸ்ல சலிப்பா இருக்கிறதுதான் நல்லது. "விளக்கினார்" கூட பாதுகாப்பான வார்த்தைன்னு நினைக்காதீங்க, அவர் சொன்னது புரியும்படி இருந்துச்சு, சரியா இருந்துச்சுன்னு நீங்க சர்டிஃபிகேட் குடுக்கிற மாதிரி அது.

இப்ப காலம். நடந்தது எல்லாம் இறந்தகாலம், படர்க்கை, கூட்டம் எப்பவோ முடிஞ்சிருச்சு, "கூறுகிறார்"க்கு இடமே இல்ல. கம்பெனிகளோட போர்டு மீட்டிங்குக்கு கம்பெனி செக்ரட்டரிகள் இன்ஸ்டிடியூட் போட்ட செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்ட் எஸ்எஸ்-1லயும் இதேதான், மினிட்ஸ் படர்க்கையில இறந்தகாலத்துல இருக்கணும், தீர்மானம் மட்டும் நிகழ்காலத்துல இருக்கணும்னு. உங்க அசோசியேஷனுக்கு அது சட்டமா பொருந்தாது, ஆனா அந்த பழக்கம் நல்ல பழக்கம், காரணம் இருக்கு. பேங்க்ல கையெழுத்து போடுறவர மாத்தணும்னா அந்த தீர்மானத்த மட்டும் வெட்டி எடுத்து குடுப்பீங்க, அது தனியா நிக்கணும். "இக்கூட்டம் பொருளாளருக்கும் செயலாளருக்கும் கூட்டாகக் கணக்கை இயக்க அனுமதி அளிக்கிறது"ன்னு நிகழ்காலத்துல இருந்தா அது இப்பவும் நடப்புல இருக்கிற அனுமதியா படிக்கும். அத சுத்தி இருக்கிற வரி, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை ஓட்டு, எல்லாம் பழையபடி இறந்தகாலம்.

அப்ப உள்ள பேசினவங்க சொன்ன வாக்கியத்தோட காலம்? இங்கதான் இங்கிலீஷ் காப்பியும் தமிழ் காப்பியும் ஒண்ணையொண்ணு கெடுக்கும். இங்கிலீஷ்ல "செட்"னு இறந்தகாலத்துல ஆரம்பிச்சா உள்ள இருக்கிற "ஈஸ்" "வாஸ்" ஆயிடும், "வில்" "வுட்" ஆயிடும். தமிழ்ல அந்த வேலையே கிடையாது, பேசினவர் சொன்ன காலம் அப்படியே நிக்கும். மேல டேங்க்ல தண்ணி லீக் ஆகுதுன்னு ஒருத்தர் சொன்னா "தொட்டியில் நீர் கசிகிறது என்று தெரிவித்தார்", அவ்வளவுதான். இங்கிலீஷ் மினிட்ஸ முதல்ல எழுதிட்டு அத தமிழாக்குறவங்க "கசிந்தது என்று தெரிவித்தார்"னு எழுதிடுறாங்க, படிக்கிறவன் லீக் நின்னுபோச்சுன்னு நினைச்சுக்குவான், ப்ளம்பர் வரமாட்டான். அதனால தமிழ முதல்ல எழுதுங்க, இங்கிலீஷ் காப்பி அப்புறம்.

அதுலயே இன்னொரு கண்ணி இருக்கு, உங்க லிஃப்ட் வரியில மாட்டியிருக்கு. "வேலை செய்யவில்லை". தமிழ்ல இந்த "-வில்லை"க்கு காலமே கிடையாது, நேத்து ஓடலன்னாலும் ஓடவில்லை, இப்ப ஓடலன்னாலும் ஓடவில்லை. கூட்டத்துல உக்காந்திருந்தவங்களுக்கு தெரியும், ஒரு வருஷம் கழிச்சு ஏஎம்சி கம்பெனிகூட எத்தனை நாள் லிஃப்ட் நின்னுச்சுன்னு கணக்கு பாக்க மினிட்ஸ் புக்க திறக்கிறவனுக்கு தெரியாது. இல்லை வர்ற வாக்கியத்துக்கெல்லாம் ஒரு தேதி ஒட்டிடுங்க, "02.07.2025 முதல் வேலை செய்யவில்லை", காலப் பிரச்சனை அதோட போச்சு. அதே மாதிரிதான் நாளை, போன வாரம், விரைவில், இங்கே எல்லாம். பேசும்போது நாளைதான், எழுதும்போது 07.07.2025. "விரைவில்"னு ஒருத்தர் சொன்னா தேதி எதுன்னு கூட்டத்துலயே கேட்டுடுங்க, வீட்டுக்கு வந்து நீங்களா ஒரு தேதி போட முடியாது.

அடுத்து செயப்பாட்டு வினை. அரசாங்க லெட்டர் பாத்து பாத்து, "பட்டது"ன்னு முடிச்சா நடுநிலையா ஆயிடும்னு நம்ம மனசுல பதிஞ்சிருக்கு. அது உண்மையில்ல. "பணம் கையாடல் செய்யப்பட்டுள்ளது"ன்னு எழுதிப் பாருங்க, எவ்வளவு பட்டது போட்டாலும் அது குற்றச்சாட்டுதான், அதுவும் சொன்ன ஆளோட பேரு இல்லாம நீங்களே சொன்ன குற்றச்சாட்டு. யாரோ ஒருத்தர் கருத்து சொன்னா சொன்னவரோட சேத்துதான் எழுதணும், செய்வினையில, "பி-11 உரிமையாளர் தெரிவித்தார்". கூட்டம் மொத்தமா செஞ்ச காரியத்துக்கு மட்டும் செயப்பாட்டு, "முடிவு செய்யப்பட்டது", "கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது", அங்க யார் செஞ்சாங்கன்ற கேள்வியே வராது, கூட்டம்தான். ஒருத்தர் தலையில விழுற வேலைன்னா மறுபடி செய்வினை. இந்த கோட்ட பிடிச்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும்.

உங்க பாராவுல கடைசி வார்த்தை, "சரிசெய்யப்படும்", அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது. இது என்ன? கூட்டம் எடுத்த முடிவா, நீங்க குடுத்த வாக்கா, லிஃப்ட் நின்னுபோனவர் வச்ச கோரிக்கையா, இல்ல எல்லாரோட ஆசையா? முடிவுன்னா "சரிசெய்வது என முடிவு செய்யப்பட்டது". வாக்குன்னா "சரிசெய்ய ஏற்பாடு செய்வதாகச் செயலாளர் தெரிவித்தார்". கோரிக்கைன்னா "சரிசெய்ய வேண்டும் என்று பி-11 உரிமையாளர் கேட்டுக்கொண்டார்". மூணுக்கும் அடுத்த கூட்டத்துல பதில் சொல்லவேண்டிய ஆள் வேற வேற. மொட்டையா "படும்"னு விட்டா பதில் சொல்ல யாருமே இருக்கமாட்டாங்க. மினிட்ஸ்ல தனியா நிக்கிற "-படும்" எங்க கண்ணுல பட்டாலும் நிறுத்தி இந்த கேள்விய கேளுங்க.

உங்க பாராவுல இல்ல, ஆனா கண்டிப்பா ஒருநாள் மாட்டுவீங்க, அதனால "நான்", "தான்" பத்தி ரெண்டு வார்த்தை. நோட்ஸ்ல "நான் கையெழுத்து போடல"ன்னு குறிச்சு வச்சிருப்பீங்க, அத அப்படியே என்று போட்டு மினிட்ஸ்ல ஏத்தினா அந்த நான் யாரு, மினிட்ஸ் எழுதின நீங்களா? சரி "தான்"னு மாத்தலாம்னா, "செயலாளர் தான் கையெழுத்திட்டார் என்று தெரிவித்தார்"னு வந்துச்சுன்னு வைங்க, செக்ரட்டரியேதான் போட்டார், வேற யாரும் இல்லன்னு வேற எவரோ சொன்னாரா, இல்ல நானே போட்டேன்னு செக்ரட்டரி சொன்னாரான்னு சண்டை வரும். வாக்கியத்த ஆள் மேல கட்டாம பொருள் மேல கட்டிட்டா தப்பிச்சுக்கலாம், "காசோலையில் உள்ள கையெழுத்து தன்னுடையது என்று செயலாளர் தெரிவித்தார்". தன்னுடையது, தன்னிடம்னு வரும்போது குழப்பம் வர்றதில்ல.

அப்புறம் மரியாதை. எல்லாருக்கும் "ஆர்" விகுதி, யாருக்கும் "ஆர்கள்" வேண்டாம், "அவர்கள்" வேண்டாம். பேருக்கு பதிலா பதவி இல்லைன்னா ஃப்ளாட் நம்பர். வயசுல பெரியவர், தலைவர், இவங்களுக்கு மட்டும் "அவர்கள்" போடாட்டி தப்பா நினைப்பாங்களேன்னா வருகைப் பட்டியல்ல எல்லார் பேருக்கு முன்னாடியும் திரு, திருமதி போட்டுடுங்க, மரியாதை அங்கயே முடிஞ்சது.

இத்தனையும் வச்சு உங்க பாராவ நான் எழுதினா இப்படி வரும். பில் கேட்டது பி-7, பங்க்ல நகல் வாங்கித் தர்றேன்னது ட்ரெஷரர், லிஃப்ட் பத்தி சொன்னது பி-11, நின்னது ஜூலை 2ல இருந்து, ஜூலை 10க்குள்ள ஆள் கூப்பிடுறேன்னது நீங்கன்னு நானே வச்சுக்கிறேன், வேற மாதிரின்னா நோட்ஸ் பாத்து மாத்திக்கோங்க:

"ஜூன் 2025-இல் ஜெனரேட்டர் டீசலுக்கு ரூ.18,400 செலவானது என்று பொருளாளர் தெரிவித்தார். அதற்கான பில்லைக் காட்டுமாறு பி-7 உரிமையாளர் கேட்டார். பில் தொலைந்துவிட்டது என்று பதிலளித்த பொருளாளர், பெட்ரோல் பங்கில் நகல் வாங்கி 07.07.2025-க்குள் செயலாளரிடம் கொடுப்பதாகத் தெரிவித்தார். செலவுக் கணக்கு சரியாக இல்லை என்று பி-7 உரிமையாளர் தெரிவித்தார். இது குறித்து முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை.

பி பிளாக் லிஃப்ட் 02.07.2025 முதல் வேலை செய்யவில்லை என்று பி-11 உரிமையாளர் தெரிவித்தார். பராமரிப்பு நிறுவனத்தின் ஆளை 10.07.2025-க்குள் வரவழைப்பதாகச் செயலாளர் தெரிவித்தார்."

பில் தொலைஞ்சத நான் மறைக்கலங்கறத கவனிங்க. ட்ரெஷரர் அந்த வரியவே எடுத்துடுங்கன்னு கேட்டாலும் எடுக்காதீங்க, அவர் சொன்னது அது, நடுநிலைன்னா அவருக்கு சாதகமா எழுதுறதும் இல்ல. அதே மாதிரி "முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை"ங்கற வரியும் முக்கியம், உங்க பாராவுல கூட்டம் கடைசியில என்ன பண்ணுச்சுன்னே இல்ல. நீங்க பட்டது போடவேண்டிய ஒரே இடம் அது, அங்க போடாம மத்த இடத்துல எல்லாம் போட்டிருக்கீங்க.

இதவிட கடுமையா யாராவது பேசினா, "காச சுருட்டிட்டாரு"ன்னு கத்தினா எப்படி எழுதறதுன்னு அடுத்து கேப்பீங்க. பொதுவா எழுதவேண்டியதில்ல. கூட்ட நடைமுறைக்கு அமெரிக்காவுல 1876ல இருந்து புழக்கத்துல இருக்கிற ராபர்ட்ஸ் ரூல்ஸ், கூட்டத்துல என்ன பேசினாங்கன்றத விட என்ன செஞ்சாங்கன்றதத்தான் மினிட்ஸ்ல பதியச் சொல்லுது. நம்ம கம்பெனி சட்டம் 2013, 118வது பிரிவு நடவடிக்கைகளோட நியாயமான, சரியான சுருக்கம் இருக்கணும்னு சொல்லிட்டு, ஒருத்தரோட பேர கெடுக்கிற மாதிரி இருக்குன்னு தலைவர் கருதினா அத சேக்கவே கூடாதுன்னும் சொல்லுது. அந்த சட்டம் கம்பெனிக்குத்தான், ஆனா உங்க தலைவர்கிட்ட எடுத்துக் காட்ட நல்ல முன்னுதாரணம். கத்தினதுக்கு உள்ள என்ன கோரிக்கை இருந்துச்சோ அத மட்டும் எடுங்க, "ஜூன் மாத செலவுகள் அனைத்துக்கும் பில் காட்ட வேண்டும் என்று கேட்டார்". இல்ல, நான் சொன்னத அப்படியே பதிஞ்சே ஆகணும்னு அவர் நின்னா, எழுத்துல குடுங்க, கையெழுத்து போட்டு குடுங்க, இணைப்பா வைக்கலாமான்னு தலைவர் முடிவு பண்ணட்டும்னு சொல்லிடுங்க. பாதி பேர் எழுத்துல குடுக்க மாட்டாங்க. குடுத்தாங்கன்னா அது அவங்க வார்த்தை, அவங்க பொறுப்பு, நீங்க அத திருத்தி மெருகேத்தவும் கூடாது.

நோட்ஸ் எடுக்கும்போது இதெல்லாம் யோசிச்சுக்கிட்டு உக்காராதீங்க, பேச்சு ஓடிடும். அவங்க பேசுற மாதிரியே நான், நாளைக்கு, கசியுதுன்னு கிறுக்கிக்கோங்க, ஓரத்துல யார் சொன்னதுன்னு ஃப்ளாட் நம்பர் மட்டும் கண்டிப்பா போடுங்க. அன்னைக்கு ராத்திரியோ மறுநாளோ உக்காந்து மாத்தும்போது ஒரு தடவ வினைமுற்று மட்டும் வரிசையா படிச்சிட்டு வாங்க, தெரிவித்தார், கேட்டார், பதிலளித்தார், முடிவு செய்யப்பட்டதுன்னு. நடுவுல ஒரு "கிறார்", ஒரு "ஆர்கள்", ஒரு "ஒப்புக்கொண்டார்" இருந்தா தானா கண்ணுல குத்தும்.

இப்ப குரூப்ல போட்டாச்சே, என்ன பண்றதுன்னா, அடுத்த கூட்டத்துல உறுதி பண்ற வரைக்கும் அது ட்ராஃப்ட்தான். மாத்தின பாராவ "திருத்திய வரைவு"ன்னு தலைப்பு போட்டு தேதியோட மறுபடி அனுப்புங்க, பழசு குரூப்லயே இருக்கட்டும், சத்தமில்லாம டெலீட் பண்ணா அதுக்கு வேற ஒரு சண்டை வரும். ட்ரெஷரர், பி-7 ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அனுப்புங்க, ஒருத்தர்கிட்ட முன்னாடி காட்டி சம்மதம் வாங்கிட்டு இன்னொருத்தருக்கு அனுப்பாதீங்க. மினிட்ஸ் புக்ல ஏற்கனவே எழுதி தலைவர் கையெழுத்தும் வாங்கிட்டீங்கன்னா அந்த பக்கத்துல கைய வைக்காதீங்க, அடிச்சு திருத்தவும் வேண்டாம், பேப்பர் ஒட்டவும் வேண்டாம். அடுத்த கூட்ட மினிட்ஸ்ல முதல் பொருளா இப்படி ஒரு பதிவு போட்டா போதும்: "06.07.2025 கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் டீசல் செலவு மற்றும் லிஃப்ட் குறித்த பத்தி கீழ்க்கண்டவாறு திருத்தப்பட்டு உறுதி செய்யப்பட்டது." அதுக்கு கீழ புது பாரா முழுசா, அப்புறம் தலைவர் கையெழுத்து, தேதி.